பணம் வாங்க எதற்கு பின் நம்பர்?

கேள்வி: பழைய ஃப்ரிட்ஜை 9,000 ரூபாய்க்கு விற்பதாக ஆன்லைனில் விளம்பரம் போட்டிருந்தேன். வாங்குகிறேன் என்று ஒருவர் பேசினார். முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்று 5 ரூபாய்க்கு ஒரு க்யூஆர் கோடு அனுப்பினார். ஸ்கேன் செய்து பின் போட்டேன், உடனே 10 ரூபாய் வந்தது. அடுத்து 9,000 ரூபாய்க்கு ஒரு கோடு. பின் போட்டதும் என் கணக்கிலிருந்து 9,000 போய்விட்டது. "தப்பாகிவிட்டது மேடம், இன்னொரு கோடு அனுப்புகிறேன், 18,000 சேர்ந்து வரும்" என்றார். அதோடு நிறுத்திவிட்டேன். பணம் வாங்க பின் வேண்டாம் என்கிறார் கணவர். பெரிய தொகை என்றால் வேண்டும் என்றார் அந்த ஆள். எது சரி? பணம் திரும்பக் கிடைக்குமா? இது நடந்தது நேற்று மாலை.
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: இதைப் படித்த கையோடு, இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள். மீதியைப் பிறகு படிக்கலாம். உங்கள் வங்கியின் பெயர், கணக்கு எண், போன தொகை, போன நேரம் இவற்றோடு, யுபிஐ செயலியில் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் தெரியும் 12 இலக்க யுடிஆர் எண்ணையும் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பணம் போய்ச் சேர்ந்த கணக்கை முடக்கச் சொல்லி அந்த வங்கிக்குத் தகவல் போவது இந்தப் புகாரின் பேரில்தான். அந்த ஆள் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றுவதற்கு முன் தகவல் போய்ச் சேர வேண்டும். ஒரு இரவு ஏற்கெனவே போய்விட்டது, ஆனாலும் தாமதிக்காதீர்கள். அதே புகாரை cybercrime.gov.in தளத்திலும் பதிவு செய்து, அதன் எண்ணோடு உங்கள் வங்கிக்கும் எழுத்தில் தெரிவியுங்கள்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். உங்கள் கணவர் சொன்னதுதான் சரி.

வங்கிக்கு நேரில் போய் யோசித்துப் பாருங்கள். உங்கள் கணக்கு எண் தெரிந்த யாரும் சலான் பூர்த்தி செய்து அதில் பணம் கட்டிவிட்டுப் போகலாம், உங்களை யாரும் கூப்பிட்டுக் கையெழுத்து கேட்பதில்லை. பணம் எடுக்கும்போது மட்டும்தான் கையெழுத்தை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். யுபிஐயில் பின் நம்பர் அந்தக் கையெழுத்து.

உள்ளே நடப்பது இது. ஒருவர் உங்களுக்குப் பணம் அனுப்பும்போது அவர் தன் செல்போனில் பின் போடுகிறார். அந்த எண் அங்கேயே மறையாக்கம் செய்யப்பட்டு, தேசிய கொடுப்பனவுக் கழகமான என்பிசிஐ வழியாக அவருடைய வங்கிக்குப் போகிறது. அவர் வங்கிதான் அதைச் சரிபார்த்து அவர் கணக்கில் கழிக்கிறது. கழித்தது உறுதியான பிறகு, உங்கள் வங்கிக்கு "இந்தக் கணக்கில் இவ்வளவு வரவு வையுங்கள்" என்று செய்தி வருகிறது. உங்கள் வங்கி வரவு வைக்கிறது. இந்தப் பாதையில் உங்கள் செல்போனுக்கு வேலையே இல்லை. அது அணைந்து கிடந்தாலும், நெட் இல்லாவிட்டாலும் பணம் வந்து சேர்ந்துவிடும். உங்கள் பின் சரியா என்று பார்க்கக்கூடியது உங்கள் வங்கி மட்டுமே, அதுவும் உங்கள் கணக்கில் ஒன்றைச் செய்ய நீங்கள் அனுமதி தரும்போது மட்டுமே. பெரிய தொகை, சின்ன தொகை என்ற பேச்சே வரவு வைப்பதில் கிடையாது. பொதுவாக ஒரு நாளைக்கு ஒரு லட்சம் ரூபாய் என்று இருக்கும் வரம்பும் அனுப்புகிறவருக்கானது.

அடுத்து, அந்த க்யூஆர் கோடு. கோட்டுக்குள் இருப்பது ஏறக்குறைய இப்படி ஒரு வரிதான்:

```
upi://pay?pa=abcd@bank&pn=Buyer&am=9000&cu=INR&tn=Receive
```

தொடக்கத்தில் pay என்று இருக்கிறது பாருங்கள். இந்த வரியை ஸ்கேன் செய்கிறவர் பணம் கொடுக்கப் போகிறவர். pa என்பது பணம் போய்ச் சேரும் முகவரி, pn அவர் பெயர், am தொகை. கடைசியில் உள்ள tn வெறும் குறிப்பு, கோடு தயாரித்தவர் அதில் எதை வேண்டுமானாலும் எழுதலாம். 'ரிசீவ்' என்றோ 'ரீஃபண்ட்' என்றோ எழுதினால் உங்கள் திரையில் அப்படியே வந்து நிற்கும். அதைப் பார்த்துத்தான் பலர் நம்பிவிடுகிறார்கள். பணம் வாங்குகிறவர் ஒரு கோட்டை ஸ்கேன் செய்ய வேண்டிய தேவையே இல்லை. வேண்டுமானால் உங்கள் கோட்டை அவரிடம் காட்ட வேண்டியது நீங்கள்தான், உங்கள் ஊர் மளிகைக்கடைக்காரர் செய்வதைப் போல.

உங்களுக்கு நடந்த 5 ரூபாய் சோதனையை இப்போது திரும்பப் பாருங்கள். அங்கே நடந்தவை இரண்டு தனித்தனிப் பரிவர்த்தனைகள். முதலாவது, நீங்கள் பின் போட்டதால் உங்கள் கணக்கிலிருந்து 5 ரூபாய் போனது. இரண்டாவது, அந்த ஆள் தன் செல்போனில் தன் பின்னைப் போட்டு 10 ரூபாய் அனுப்பினார். அடுத்தடுத்து நடந்ததால், நீங்கள் பின் போட்டதால்தான் 10 ரூபாய் வந்தது என்று உங்களை எண்ண வைத்துவிட்டார். கணக்கு விவரத்தைத் திறந்தால் பற்று ஒரு வரியாகவும் வரவு வேறொரு வரியாகவும் இருக்கும், இரண்டுக்கும் வெவ்வேறு யுடிஆர் எண்கள். இந்தப் பக்கத்தைப் புகாரோடு இணையுங்கள். திட்டமிட்டு ஏமாற்றியதற்கு இது நல்ல சான்று.

இதையே முன்பு வேறு விதமாகவும் செய்து வந்தார்கள். 'கலெக்ட்' என்ற வசதியில் அவர்கள் உங்களிடம் பணம் கேட்டு ஒரு கோரிக்கை அனுப்புவார்கள், பின் போட்டால் பணம் போய்விடும். தனிநபர்களுக்கு இடையே இருந்த அந்த வசதியை என்பிசிஐ 2025 அக்டோபர் 1 முதல் நிறுத்திவிட்டது. வணிகர்கள் அனுப்பும் கோரிக்கைக்கு அந்த நிறுத்தம் பொருந்தாது.

உங்கள் கணவர் சொன்னதோடு ஒரு விஷயத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். பின் கேட்பது அனுப்புவதற்கு மட்டும் அல்ல. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்கவும் கேட்கும். 'ஆட்டோபே' பதிவுக்கும் கேட்கும், இது கவனமாக இருக்க வேண்டிய இடம். ஒருமுறை பின் போட்டுவிட்டால், அதன் பிறகு குறித்த நாள்களில் 15,000 ரூபாய் வரையிலான தொகை பின் கேட்காமலே கழிந்துபோகும். மறுபக்கம், யுபிஐ லைட்டில் 1,000 ரூபாய் வரை அனுப்ப பின் நம்பரே தேவையில்லை. ஆகவே பின் கேட்கவில்லை என்பதால் பணம் போகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். பணம் வரவு வைக்க பின் நம்பர் கேட்பது என்பது மட்டும் எந்த வகையிலும் கிடையாது.

உங்கள் ஆட்டோபே பட்டியலை இன்றே திறந்து பாருங்கள். நீங்கள் பதியாத பெயர் ஏதாவது இருந்தால் ரத்து செய்யுங்கள். பின்னையும் மாற்றிவிடுங்கள். நீங்கள் அதை அவரிடம் சொல்லாதவரை அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, ஆனாலும் மாற்றுவதில் சிரமம் ஒன்றும் இல்லை.

பணம் திரும்புமா என்பதை மறைக்காமல் சொல்கிறேன். வங்கி தன் கையிலிருந்து கொடுக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சரியான செல்போனிலிருந்து சரியான பின்னோடு வந்த உத்தரவு என்பதால், அதை நீங்களே அனுமதித்த பரிவர்த்தனையாகத்தான் வங்கி பார்க்கும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி வகுத்த விதியின்படி, வாடிக்கையாளரின் கவனக்குறைவால் வந்த நஷ்டம், வங்கிக்குத் தெரிவிக்கும் வரை வாடிக்கையாளரையே சேரும். தெரிவித்த பிறகு நேரும் நஷ்டம் வங்கியைச் சேரும். அதனால்தான் எழுத்தில் தெரிவிக்கச் சொன்னேன். புகார் கொடுத்த நாளும் நேரமும் உங்கள் கையில் இருக்க வேண்டும்.

உங்களுக்கு உள்ள உண்மையான வாய்ப்பு, அந்த ஆளின் கணக்கில் பணம் இன்னும் மிச்சமிருந்து முடக்கப்படுவதுதான். முடக்கப்பட்டாலும் காவல் துறையின் நடைமுறை முடிந்த பிறகே கைக்கு வரும், மாதங்கள் ஆகலாம். இடையில் "உங்கள் 9,000 ரூபாயை மீட்டுத் தருகிறோம், ஒரு கோடு அனுப்புகிறோம்" என்று யாராவது அழைத்தால் அந்த எண்ணையும் அதே புகாரில் சேர்த்துவிடுங்கள்.