பஸ் நேரம் மாறவில்லை, பதிப்பு மட்டும் ஏன் ஏறுகிறது?

உப்புவெளியிலிருந்து: அண்ணா, திருகோணமலையில் புறப்படும் பஸ்களின் நேரத்தை மணிக்கொருமுறை எடுத்து சிஎஸ்வி ஆக்கி கிட்டில் போடுகிறேன். நேரம் மாறுவது அபூர்வம். ஆனால் நாளுக்கு 24 கமிட் விழுகிறது.

நீங்கள் அனுப்பிய இரண்டு பதிப்புகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முதல் வரியில் எடுத்த நேரத்தை எழுதுகிறீர்கள், அது ஒவ்வொரு முறையும் மாறத்தானே செய்யும். அதோடு கொழும்பு பஸ்ஸும் மட்டக்களப்பு பஸ்ஸும் இடம் மாறி நிற்கின்றன. `ORDER BY` இல்லாமல் கேட்டால் தரவுத்தளம் எந்த வரிசையிலும் தரலாம். எடுத்த நேரத்தை, சிஎஸ்வி இருக்கும் `data` கோப்புறைக்கு வெளியே தனியாக வையுங்கள். வரிகளை வழி எண், புறப்படும் நேரம் என்று அடுக்குங்கள். இரண்டும் ஒன்றாக வரும் பஸ்கள் இருந்தால் சேருமிடத்தையும் சேருங்கள், இல்லாவிட்டால் அவை மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும். அப்புறம் இது போதும்:

```
git add -A data
git diff --cached --quiet || git commit -m "update"
git push
```

வித்தியாசம் இருந்தால்தான் கமிட் நடக்கும். `git add` செய்த பிறகு `--cached` இல்லாவிட்டால் எந்த மாற்றமும் கண்ணில் படாது. `push`ஐ நிபந்தனைக்குள் போடாதீர்கள். கமிட் முடிந்து இணைப்பு அறுந்தால், அடுத்த முறை வித்தியாசம் தெரியாது, அந்தக் கமிட் உங்கள் கணினியிலேயே கிடக்கும்.

மூதூரிலிருந்து: நான் கிட் பாவிப்பதில்லை. கோப்பின் ஹாஷைக் குறித்து வைத்து, அடுத்த முறை ஒப்பிடுகிறேன். ஒன்றென்றால் வெளியிடுவதில்லை. சரிதானே?

பாதி சரி. எப்போது குறிக்கிறீர்கள்? காலை 6 மணிக்குப் புதிய அட்டவணை வருகிறது, ஹாஷைக் குறித்துவிட்டீர்கள், ஏற்றும்போது தோல்வி. 7 மணிக்கு அதே ஹாஷ், "மாற்றமில்லை" என்று விட்டுவிடும். பயணிகள் பழைய நேரத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஏற்றி முடிந்த பிறகே குறியுங்கள். ஒப்பிடுவதும் கடைசியாக வெளியிட்டதோடு மட்டும். திருவிழாவுக்கு மாறிய அட்டவணை பழையபடி திரும்பும்போது, முன்பு கண்ட ஹாஷ் என்று தவிர்த்துவிடக்கூடாது.

கிண்ணியாவிலிருந்து: அப்ப மணிக்கொருமுறை எடுப்பதையே குறைக்கலாமே? எனக்கு என்றால் சிஎஸ்வி அப்படியே இருக்கு, அதன் `.gz` தான் ஒவ்வொரு முறையும் வேறாக வருது.

எடுப்பதைக் குறைத்தால் மாற்றம் தாமதமாகத் தெரியும், அது வேறு பேச்சு. கோப்பைச் சுருக்கும்போது `gzip` அதன் பெயரையும் திருத்திய நேரத்தையும் தலைப்பில் எழுதிவிடும். `gzip -n` கொடுத்தால் எழுதாது. ஆனாலும் சுருக்குவதற்கு முன்பே ஒப்பிடுவதுதான் என் விருப்பம். `gzip` பதிப்பு மாறினால் உள்ளடக்கம் ஒன்றாயிருந்தும் பைட்டுகள் மாறலாம்.

நிலாவெளியிலிருந்து: ஒரு மாதம் பதிப்பே வராவிட்டால் மாற்றமில்லையா, வேலை செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்?

கடைசியாகச் சரிபார்த்த நேரத்தைத் தனிக் கோப்பில் ஒவ்வொரு முறையும் மேலெழுதி வெளியிடுங்கள், பதிப்பு வரலாற்றுக்கு வெளியே. அது இரண்டு மணி நேரத்துக்கு மேல் பழசானால் வேலை நின்றுவிட்டது.

உப்புவெளியிலிருந்து மறுபடி: எங்கள் தரவை எடுப்பவர் ஒருவர் தினமும் புதிய பதிப்பு எண் வேண்டும் என்கிறார்.

அவருடைய நிரல் எண்ணைத்தான் பார்க்கிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் அவருக்குத் தினம் ஒன்று போட வேண்டி வரலாம். நான் என்றால் முதலில் அந்தச் சரிபார்த்த நேரத்தைக் காட்டிப் பார்ப்பேன், ஒத்துக்கொள்வாரா என்பது வேறு கதை.