கடல் வீட்டைக் கொண்டுபோனால் அகதி மனு போடலாமா?

கேள்வி: ஐயா, எங்களுடையது திருவொற்றியூர் பக்கம் ஒரு மீனவக் குப்பம். கடல் அரித்து வீட்டின் பின்கட்டு போய்விட்டது. மிச்சம் இருப்பது ஒரு அறைதான். தம்பி விசிட்டர் விசாவில் கனடா போயிருக்கிறான். “காலநிலை அகதி என்று மனு போட்டால் அங்கேயே இருந்துவிடலாம்” என்று ஒரு ஏஜென்ட் நான்கு லட்சம் கேட்கிறார். நகையை அடகு வைத்துக் கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். கனடா சட்டத்தில் ‘காலநிலை அகதி’ என்று ஒரு வகையே இல்லை.

அகதி என்றதும் நமக்கு கும்மிடிப்பூண்டி முகாமில் இருக்கும் ஈழத்து மக்கள்தான் நினைவுக்கு வருவார்கள். அவர்களை விரட்டியது மனிதர்கள். 1951ஆம் ஆண்டு அகதிகள் உடன்படிக்கை கேட்பதும் அதைத்தான். இனம், மதம், தேசிய அடையாளம், ஒரு சமூகக் குழுவைச் சேர்ந்தவர் என்பது, அரசியல் கருத்து ஆகிய ஐந்தில் ஒன்றுக்காக ஒருவர் துன்புறுத்தப்படும் அச்சம் இருக்க வேண்டும். கடல் யார் என்ன சாதி என்று பார்த்துச் சுவரை இடிப்பதில்லை. ஒரு பிரிவினருக்கு மட்டும் புயல் நிவாரணத்தை வேண்டுமென்றே மறுத்து விரட்டினால் பேச்சு வேறு. உங்கள் நிலைமை அது இல்லை.

சரி, உயிருக்கு ஆபத்து என்று கேட்கலாமே? கனடா சட்டத்தில் அதற்கும் ஒரு பிரிவு இருக்கிறது. ஆனால் அந்த ஆபத்து நாட்டின் எந்த மூலைக்குப் போனாலும் தொடர வேண்டும். ஊரில் எல்லோருக்கும் பொதுவானதாகவும் இருக்கக் கூடாது. “மாதவரத்தில் வாடகைக்கு இருக்க முடியாதா?” என்று ஒரு கேள்வி கேட்டால் உங்கள் தம்பியின் மனு அங்கேயே நின்றுவிடும். மேல்முறையீட்டிலும் தோற்று, வெளியேறும் உத்தரவு அமலுக்கு வந்தால் 30 நாளுக்குள் அவர் போயாக வேண்டும். தவறினால் அந்த உத்தரவே நாடுகடத்தும் உத்தரவாக மாறும். பிறகு தனி அனுமதி வாங்காமல் கனடாவுக்குள் கால் வைக்க முடியாது.

உங்களைவிட வலுவான வழக்கே தோற்றிருக்கிறது. பசிபிக் கடலில் உள்ள கிரிபாட்டி என்ற தீவு நாட்டைச் சேர்ந்தவர் இயோவானே டெய்டியோட்டா. 2007இல் மனைவியோடு நியூசிலாந்து போனார். அங்கே மூன்று பிள்ளைகள் பிறந்தார்கள். விசா முடிந்த பின் அகதி மனு போட்டார். நிலத்தடி நீரில் உப்பு ஏறியது, தடுப்புச் சுவர் உடைந்தது, குறுகிய நிலத்துக்காக அடிதடி நடந்தது என்று அவர் சொன்னதைத் தீர்ப்பாயம் பொய் என்று சொல்லவில்லை. ‘துன்புறுத்துபவர்’ யாரும் இல்லை என்றுதான் மறுத்தது. 2015இல் அவரைத் திருப்பி அனுப்பினார்கள். அவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்குப் போனார். தீவு வாழ முடியாததாக 10 முதல் 15 ஆண்டு ஆகலாம், அதற்குள் அரசு ஏதாவது செய்ய இடமிருக்கிறது என்று சொல்லி, அங்கும் பெரும்பான்மை அவருக்கு எதிராகத்தான் முடிவு செய்தது. ஆனால் காலநிலைச் சேதம் உயிருக்கே உலை வைக்கும் அளவுக்குப் போனால் ஒருவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாகலாம் என்று அந்தக் குழு ஒப்புக்கொண்டது. 2020இல் வெளியான அந்த ஒரு வரியைத்தான் ஏஜென்ட்டுகள் “ஐ.நா.வே சொல்லிவிட்டது” என்று விற்கிறார்கள். வழக்குப் போட்டவர் தோற்றதைச் சொல்வதில்லை. இதுதான் எனக்கு ஆத்திரம்.

உங்கள் உரிமை இங்கேதான் இருக்கிறது. அதிலும் ஒரு ஓட்டை உண்டு. பேரிடர் நிவாரண நிதிக்கான மத்திய அரசின் பட்டியலில் புயலும் வெள்ளமும் சுனாமியும் இருக்கின்றன. மெல்ல மெல்லத் தின்னும் கடலரிப்பு அதில் இல்லை. அதனால் “கடல் அரிக்கிறது” என்று மட்டும் எழுதிய மனு மேசையிலேயே கிடக்கும். முழுதும் இடிந்த வீட்டுக்கு அந்த நிதியின் 2022 முதல் 2026 வரைக்கான விதிப்படி சமவெளியில் 1,20,000 ரூபாய். ஆனால் எந்தப் புயலில், எந்தத் தேதியில் எது இடிந்தது என்று பதிவாகியிருக்க வேண்டும். அனுமதி பெற்ற கட்டடம் என்ற சான்றும் கேட்பார்கள். பட்டா இல்லாத குப்பத்து வீடுகள் சிக்குவது இங்கேதான்.

ஒரு குப்பத்துப் பெரியவர் என்னிடம் பதினொரு போட்டோ கொண்டுவந்தார். மாடிப்படி அந்தரத்தில் தொங்குகிறது, கீழே அலை. ஒன்றில்கூடத் தேதி இல்லை, பக்கத்தில் அடையாளமும் இல்லை. எந்தப் புயலோடும் அதைச் சேர்க்க முடியவில்லை.

நீங்கள் அப்படி விட்டுவிடாதீர்கள். பின்கட்டு ஏதாவது புயலின்போது விழுந்திருந்தால் அந்தத் தேதியை எழுதி, ரேஷன் கார்டு, கரண்ட் பில், வீட்டு வரி ரசீது நகல்களோடு தாசில்தாருக்கு மனு கொடுத்து, வி.ஏ.ஓ. நேரில் வந்து பார்த்து எழுதித் தரக் கேளுங்கள். மாற்று வீடும் அதே மனுவில் கேளுங்கள். பதில் இல்லையென்றால் அப்புறம் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. காலநிலை மாற்றத்தின் தீங்கிலிருந்து காக்கப்படும் உரிமை அரசியல் சட்டத்தின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கும் என்று 2024 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. அது கானமயில் பறவையைக் காக்கும் வழக்கு. வீடிழந்தவருக்கு அதிலிருந்து நேரடியாக வீடு கிடைத்துவிடாது, வாதத்துக்குத்தான் உதவும்.

இன்றைக்கே மிச்சமிருக்கும் அறையின் வாசற்படியிலிருந்து அலை தொடும் இடம்வரை டேப் பிடித்து அளந்து, அன்றைய நாளிதழின் தேதி தெரிய போட்டோ எடுங்கள். ஒவ்வொரு அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் அலை ஏறும் நேரத்தில் அதே இடத்தில் நின்று எடுங்கள்.