பெட்டிங் ஆப்புக்கு லிமிட் குறைக்கச் சொல்லி எழுதும் கடிதம்: எங்கள் வீட்டு அனுபவம்

கேள்வி: பெங்களூரில் சாஃப்ட்வேர் இன்ஜினியர், வயது 25. ஒரு பெட்டிங் தளத்தில் மாதாமாதம் சம்பளத்தில் பாதி போகிறது. டெபாசிட் லிமிட்டைக் குறைக்கச் சொல்லியும் கொஞ்ச நாள் பிரேக் கேட்டும் எப்படி எழுத வேண்டும்? வாலெட்டில் இன்னும் 3,400 ரூபாய் இருக்கிறது.

பதில்:

தம்பி, நீங்கள் தனியாக அறை எடுத்து இருக்கிறீர்கள், வீட்டுக்கு இன்னும் சொல்லவில்லை என்று எடுத்துக்கொண்டு எழுதுகிறேன். தவறாக இருந்தால் மன்னியுங்கள். என் சித்தி மகனும் இதே வயதில் இதே ஊரில் இப்படித்தான் இருந்தான். 2024 ஐபிஎல் சமயத்தில் அவனுடைய கடிதத்தை நானும் அவனும் அல்சூரில் என் வீட்டில் உட்கார்ந்து எழுதினோம். நான் பேங்கில் புகார்களைக் கையாளும் பிரிவில் வேலை பார்க்கிறேன். எப்படி எழுதினால் மனு நகரும், எப்படி எழுதினால் நிற்கும் என்பது எனக்குப் பழக்கம். வக்கீல் இல்லை, டாக்டரும் இல்லை. "இதற்கெல்லாம் கடிதமா, ஆப்பை அழித்தால் போதாதா" என்று கேட்பவர்கள் ஒரு தடவை அந்த நிலையில் இருக்கிறவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். ஆப்பை அழிக்கப் பத்து விநாடி, திரும்ப ஏற்ற ஒரு நிமிஷம்.

அவன் முதலில் தானாகவே கஸ்டமர் கேருக்கு எழுதியிருந்தான். "என் லிமிட்டைக் குறைக்க உதவவும், கொஞ்ச நாள் ஓய்வு வேண்டும்" என்று இரண்டு வரி. பதிலாக வந்தது: செட்டிங்ஸில் போய் நீங்களே மாற்றிக்கொள்ளலாம், நன்றி, டிக்கெட் முடிக்கப்பட்டது. அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. எவ்வளவாகக் குறைக்க வேண்டும், எதுவரை, எப்போதிலிருந்து என்று எதுவும் சொல்லாத மனுவை எந்தக் கம்பெனியும் அப்படித்தான் முடிக்கும்.

அதனால் முதலில் தொகையைப் பேசினோம். அவன் "தினமும் 500 போதும் அக்கா" என்றான். கேட்கச் சின்னதாகத்தான் இருக்கிறது. 30 நாளைக்குப் பெருக்கினால் 15,000. அவன் சம்பளம் 62,000; அதில் ஊருக்கு 15,000 அனுப்புகிறவன். தினசரி வரம்பு என்பது தினமும் கட்டலாம் என்கிற அனுமதிச் சீட்டாக மாறிவிடும். ஆகவே மாத வரம்பாகக் கேட்டோம்: 2,000 ரூபாய்.

அடுத்தது இன்னும் முக்கியம். அந்த 2,000 எதைக் கணக்கில் எடுக்கிறது? சில கம்பெனிகள் கட்டியதிலிருந்து எடுத்ததைக் கழித்து மீதியைத்தான் எண்ணும். நீங்கள் 2,000 கட்டுகிறீர்கள், ஜெயிக்கிறீர்கள், 2,000 எடுக்கிறீர்கள் என்று வையுங்கள். அந்தக் கணக்கில் நீங்கள் கட்டியது பூஜ்யம். மறுபடி 2,000 கட்டலாம். ஒரே மாதத்தில் பலமுறை இது நடந்தாலும் லிமிட் தாண்டவில்லை என்றே காட்டும். அதனால் "எடுத்த பணத்தைக் கழிக்காமல், உள்ளே கட்டிய மொத்தத் தொகை" என்று எழுத வேண்டும். மாதம் என்றால் 1-ஆம் தேதி புதிதாகத் தொடங்கும் மாதமா, கடைசியாகக் கட்டியதிலிருந்து 30 நாளா என்பதையும் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் 31-ஆம் தேதி ராத்திரி 2,000, நள்ளிரவு தாண்டியதும் இன்னொரு 2,000.

மூன்றாவது, வரம்பை ஏற்றுவது. குறைக்கச் சொன்னவனே தோற்ற ராத்திரியில் கூட்டச் சொல்லிக் கேட்பான். இங்கிலாந்தில் இதற்கு விதியே இருக்கிறது: குறைக்கச் சொன்னால் உடனே குறைக்க வேண்டும், கூட்டச் சொன்னால் குறைந்தது 24 மணி நேரம் காத்திருந்து, வாடிக்கையாளர் மறுபடி உறுதி செய்த பிறகே கூட்ட வேண்டும். அங்கே பிரேக் என்பது 24 மணி நேரத்திலிருந்து ஆறு வாரம் வரை. அதற்கு மேல் தன்னை விலக்கிக்கொள்வதென்றால் குறைந்தது ஆறு மாதம், இடையில் திறக்கவே முடியாது. நம் நாட்டில் அப்போது இப்படி எந்தக் கட்டாயமும் இல்லை. 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஐடி விதிகளை, அதாவது இணைய நிறுவனங்களுக்கான விதிகளைத் திருத்தி, கம்பெனிகளைக் கவனிக்கச் சுயக் கட்டுப்பாட்டு அமைப்புகள் வரும் என்றார்கள், வரவில்லை. ஆகவே விதியில் இல்லாததைக் கடிதத்திலேயே கேட்டு வாங்க வேண்டியிருந்தது.

கடிதம் ஆங்கிலத்தில் எழுதியதுதான். விஷயம் இது:

"என் கணக்கு எண் இது, பதிவு செய்த மொபைல் எண் இது. இந்த விளையாட்டால் எனக்குப் பணக் கஷ்டம் வந்திருக்கிறது. என்னால் கட்டுப்படுத்த முடியவில்லை. இதே எண்ணில் உங்கள் நிறுவனத்தின் எல்லா ஆப்களிலும் சேர்த்து, என் டெபாசிட் வரம்பை மாதம் 2,000 ரூபாயாக இன்றே குறைக்கவும். எடுத்த தொகையைக் கழிக்க வேண்டாம். மாதம் என்பது கடைசியாகக் கட்டியதிலிருந்து 30 நாள். இன்றிலிருந்து 30 நாள் என் கணக்கை ஆட முடியாதபடி நிறுத்தவும். அதற்குள் நானே கேட்டாலும் திறக்க வேண்டாம், வரம்பையும் கூட்ட வேண்டாம். 30 நாள் முடிந்தாலும் கணக்கு தானாகத் திறக்கக் கூடாது. நான் எழுதிக் கேட்டு 24 மணி நேரம் கழிந்த பிறகே திறக்க வேண்டும். வாலெட்டில் உள்ள பணத்தை என் வங்கிக் கணக்குக்கு அனுப்பவும். எஸ்எம்எஸ், வாட்ஸப், மெயில், போன் எதிலும் போனஸ் சலுகை அனுப்ப வேண்டாம். செய்து முடித்ததை தேதியோடு எழுத்தில் உறுதி செய்யவும்."

அவன் அப்பாவுடைய ஆபரேஷன், தங்கை படிப்பு என்று ஒரு பக்கம் எழுதி வைத்திருந்தான். எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னேன். ஆனால் "கட்டுப்படுத்த முடியவில்லை" என்ற அந்த ஒரு வரியை எடுக்கவே விடவில்லை. அவனுக்கு அதில்தான் வெட்கம். அந்த வரி இல்லாவிட்டால் இது செட்டிங்ஸ் மாற்றும் வேண்டுகோள். அந்த வரி இருந்தால், இந்த ஆள் பாதிக்கப்பட்டிருக்கிறார் என்று தெரிந்த பிறகும் அவரிடம் பணம் வாங்கினார்கள் என்பதற்கு அது எழுத்துச் சாட்சி.

லிமிட்டும் பிரேக்கும் ஒன்று என்று பலர் நினைக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். லிமிட் புதிதாக உள்ளே வரும் பணத்தைத்தான் தடுக்கும். ஏற்கெனவே உள்ளே இருப்பதையும் ஜெயித்ததையும் வைத்து ராத்திரி முழுக்க ஆடலாம். பிரேக் ஆட்டத்தையே நிறுத்தும். இரண்டையும் சேர்த்துக் கேட்டால்தான் பயன்.

இந்தத் தடவை இரண்டு நாளில் கணக்கை நிறுத்தினார்கள். ஆனால் அதே கம்பெனியின் ரம்மி ஆப் திறந்தே கிடந்தது, போனஸ் மெசேஜும் வந்துகொண்டே இருந்தது, அதுவும் மேட்ச் தொடங்கச் சரியாக அரை மணி நேரம் முன்னால். இந்த மெசேஜ் அனுப்பும் பட்டியல் பெரும்பாலும் வேறு பிரிவின் கையில் இருக்கும். கணக்கை நிறுத்தியது அங்கே போய்ச் சேராது. ஸ்கிரீன்ஷாட்டோடு, பழைய டிக்கெட் எண்ணையும் போட்டு, ஆப்பில் குறிப்பிட்டிருந்த குறைதீர் அதிகாரிக்கு எழுதினோம். 2021 ஐடி விதிகளின்படி அவர் புகார் கிடைத்ததை 24 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, அப்போதைய கெடுவான 15 நாளுக்குள் முடிக்க வேண்டியிருந்தது. அந்த விதி எண்ணைக் கடிதத்தில் போட்ட பிறகு ரம்மி ஆப்பும் மூடியது, மெசேஜும் நின்றது. 30 நாள் முடிந்தபோது அவனாகவே கணக்கை நிரந்தரமாக மூடச் சொல்லி எழுதினான்.

வீட்டுக்கு அதுவரை அவன் சொல்லியிருந்தது, "பணமெல்லாம் வீட்டு அட்வான்ஸுக்குப் போய்விட்டது" என்று. சித்தியும் நம்பிவிட்டாள். ஏன் நம்பமாட்டாள்? இந்த ஊரில் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது திண்டுக்கல் வரை தெரியும்.

இப்போது உங்கள் விஷயம். 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய ஆன்லைன் விளையாட்டுச் சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் தடை செய்தது. பேங்குகள் அதற்குப் பணம் அனுப்பவும் கூடாது. ஆடியவர்மேல் வழக்கு இல்லை. நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றம் செய்துகொடுப்பவர்மேல்தான். எனவே பயந்து ஒளிய வேண்டாம். இங்கே பெயர் பெற்ற ஆப்கள் அந்த மாதமே பண ஆட்டங்களை நிறுத்திவிட்டன. உங்கள் தளம் இன்னும் பணம் வாங்குகிறது என்றால் அது பெரும்பாலும் வெளிநாட்டிலிருந்து நடப்பது. பார்த்தாலே தெரியும்: ஒவ்வொரு தடவையும் யூபிஐ ஐடி மாறும், பணம் போகும் இடத்தில் கம்பெனி பெயர் இருக்காது, ஏதோ மளிகைக் கடை பெயரோ தனி ஆள் பெயரோ இருக்கும். சில இடங்களில் டெலிகிராமில் ஒருவர்தான் பணம் வாங்குவார்.

அங்கே லிமிட் கேட்டு எழுதுவதில் பயன் இல்லை. அந்த வரம்பைக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க இங்கே யாரும் இல்லை. பிரேக் வேண்டாம், நிரந்தரமாக மூடச் சொல்லி ஒரே வரி எழுதுங்கள், "கட்டுப்படுத்த முடியவில்லை" என்ற வரியோடு. பதிலுக்குக் காத்திருக்காமல் உங்கள் பக்கத்தில் தடுப்புப் போடுங்கள். சம்பளக் கணக்கை யூபிஐயிலிருந்து எடுத்துவிட்டு, செலவுக்கு வேறொரு சின்னக் கணக்கை வைத்து, அதில் வாரத்துக்கு வேண்டியதை மட்டும் போடுங்கள். உங்கள் பேங்க் ஆப்பில் யூபிஐ தினசரி வரம்பைக் குறைக்கும் வசதி இருந்தால் அதையும் செய்யுங்கள். கட்டியதைத் திருப்பிக் கேட்டு எங்களிடம் வருகிறவர்கள் நிறைய. நீங்களே யூபிஐ பின் நம்பர் போட்டு அனுப்பிய பணத்தைப் பேங்க் திருப்பித் தர வழியில்லை. மனசு தாங்காவிட்டால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, இலவசம், தமிழிலும் பேசுவார்கள். நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையும் நம் ஊரில்தான் இருக்கிறது.

அந்த 3,400-ஐப் பற்றி. எடுக்க வேண்டாம். அந்தத் தளங்கள் பணம் அனுப்புவது வாடகைக்கு எடுத்த யார் யாரோ பெயரிலுள்ள கணக்குகளிலிருந்து. அதில் ஒன்றின் மேல் வேறு மாநிலத்து சைபர் போலீஸில் மோசடிப் புகார் இருந்தால், பணம் போன தடத்தைப் பிடித்து உங்கள் சம்பளக் கணக்கையும் முடக்கலாம். 3,400 ரூபாய்க்காக முழுச் சம்பளமும் முடங்கி, அதை விடுவிக்க வேறு மாநிலக் காவல் நிலையத்துக்கு மெயில் எழுதிக்கொண்டிருக்கும் பையன்களை நான் வேலையில் பார்க்கிறேன். "வரி கட்டினால்தான் எடுக்க முடியும், முதலில் 1,000 அனுப்புங்கள்" என்று கேட்டால் அது சுத்த ஏமாற்று, பதிலே போடாதீர்கள்.