நோயாளி சொல்லும் பழைய எடையை எவ்வளவு நம்பலாம்?

கேள்வி: மன்னார்குடிப் பக்கம் ஒரு சிறிய மருத்துவமனையில் டயட்டீஷியனாக இருக்கிறேன். முன்பு எவ்வளவு எடை இருந்தீர்கள் என்று கேட்டால் நோயாளி ஒன்று சொல்கிறார், கூட வந்தவர் வேறு ஒன்று சொல்கிறார். எடை இழப்பு சதவீதம் போட வழக்கமான எடையாக எதை எடுப்பது? இரண்டுக்கும் சராசரி போடலாமா?

சராசரி வேண்டாம். இருவர் சொன்னதற்கும் நடுவில் உள்ள எண் அந்த நோயாளி எந்த நாளிலும் இல்லாத எடையாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியாக வைத்துக் கணக்குப் போடுங்கள். குறைந்த எண்ணை வைத்தாலும் ஆபத்து எல்லை தாண்டுகிறதா என்று முதலில் பாருங்கள். தாண்டிவிட்டால் உங்கள் முடிவுக்கு அதற்கு மேல் துல்லியம் தேவையில்லை. ஒரு எண்ணுக்குத் தாண்டி இன்னொன்றுக்குத் தாண்டாமல் நின்றால், அங்கேதான் விசாரிக்க நேரம் செலவழிக்க வேண்டும்.

நான் பார்த்த ஒருவரை வைத்துச் சொல்கிறேன். நடவு வேலைக்குப் போகும் 58 வயது அம்மா. விழுங்கச் சிரமம் என்று ஆனி மாதம் அறுவை சிகிச்சைப் பிரிவில் சேர்ந்திருந்தார். எடை 46.4 கிலோ, உயரம் 152 செ.மீ. உடல் நிறை குறியீடு 20 வருகிறது. அதை மட்டும் பார்த்தால் யாரும் கவலைப்பட மாட்டார்கள்.

“அறுபது கிலோ இருந்தேம்மா” என்றார் அவர். “இல்லக்கா, அம்மா அம்பத்திரண்டுதான் இருக்கும்” என்றார் மகள். 60 என்றால் இழப்பு 22.7 சதவீதம், 52 என்றால் 10.8. கிளிம் அளவுகோலில் ஆறு மாதத்துக்குள் 5 சதவீதத்துக்கு மேல் போனால் ஊட்டச்சத்துக் குறைவுக்கான ஓர் அடையாளம், 10ஐத் தாண்டினால் தீவிர நிலை. ஆக, மகளின் எண்ணே போதும், தீவிரம்தான். ஆனால் ஒரு நிபந்தனை: இந்த இழப்பு ஆறு மாதத்துக்குள் நடந்திருக்க வேண்டும். பலர் எடையைத் துருவித் துருவிக் கேட்டுவிட்டுக் காலத்தைக் கோட்டை விடுவது இங்கேதான்.

“எத்தனை மாசமா இளைச்சீங்க?” என்று கேட்டால் நம் பக்கத்தில் வரும் பதில் “கொஞ்ச நாளா”தான். மாதக் கணக்கில் கேட்காதீர்கள், வேலைக் கணக்கில் கேளுங்கள். சம்பா அறுப்புக்குப் போனீர்களா என்றேன். ஒரு நாள் விடவில்லை என்றார். அப்புறம் உளுந்து பறிக்க? “எங்க போறது, சோறு இறங்கலையே” என்றார். தையில் நன்றாக இருந்தவர் பங்குனி, சித்திரையில் முடியாமல் படுத்திருக்கிறார். நான்கைந்து மாதம் என்பது உறுதியாகிவிட்டது.

அடுத்து அந்த 60 எங்கிருந்து வந்தது என்று பார்த்தேன். வழக்கமான எடை என்பது வாழ்நாளில் தொட்ட உச்சம் இல்லை. நோய் தொடங்கும் முன் நிலையாக இருந்த எடை. ஆனால் மனிதர்களுக்கு நினைவில் நிற்பது உச்சம்தான், அதுவும் 50, 55, 60 என்று முழு எண்ணாகவே நிற்கும். எங்கே எடை பார்த்தீர்கள் என்று கேட்டதும் விஷயம் வெளியே வந்தது: கடைசி மகன் கல்யாணத்துக்கு முன்னால், உரக்கடைத் தராசில். ஆறு வருடம் ஆகிறது. அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டேன்.

பிறகு பையைக் கொட்டச் சொன்னேன். நான் இதைக் கூச்சப்படாமல் கேட்பேன். ரத்த அழுத்த மாத்திரை வாங்கும் ஆரம்ப சுகாதார நிலையக் குறிப்பேடு, பழைய அறுவை சிகிச்சையின் மயக்க மருந்துத் தாள், ஸ்கேன் சீட்டு என்று ஏதாவது ஒன்றில் எடை எழுதியிருக்கும். அவருடைய குறிப்பேட்டில் செப்டம்பரில் 54.2 என்று இருந்தது. குறிப்பேட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பக் கூடாது. ஒவ்வொரு மாதமும் 55, 55, 55 என்றே இருந்தால் யாரோ முந்தைய வரியைப் பார்த்து எழுதியிருக்கலாம். இவருக்கு 53.8, 54.2 என்று மாதா மாதம் சிறிது மாறியிருந்தது. தராசில் ஏறியிருக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

இன்னொரு சிக்கல், செப்டம்பர் பதிவுக்கு ஒன்பது மாத வயது. பொங்கல் வரை அதே எடைதான் இருந்தாரா? அதை ரவிக்கை சொன்னது. பொங்கலுக்குத் தைத்த ரவிக்கையைத்தான் அன்று போட்டிருந்தார். பக்கவாட்டில் புதிதாக இரண்டு வரிசைத் தையல் உள்ளே பிடித்திருந்தது, பழைய தையலின் ஊசித் துளைகள் வெளியே வரிசையாகத் தெரிந்தன. தைத்தபோது பிடித்தமாக இருந்ததாம். முந்தைய வருட ரவிக்கையை அளவுக்குக் கொடுத்துத்தான் தைத்திருக்கிறார்கள். ஆக, தை வரை உடம்பு பெரிதாக மாறவில்லை. ரவிக்கை கிலோ சொல்லாது, ஆனால் எப்போது மாறியது என்று சொல்லும். ஆண்களுக்கு இதே வேலையை பெல்ட் துளையும் மோதிரத்தில் சுற்றிய நூலும் செய்யும்.

இப்போது கணக்கு:

(54.2 − 46.4) ÷ 54.2 × 100 = 14.4

கீழே வகுப்பது வழக்கமான எடையால், இன்றைய எடையால் அல்ல. அவசரத்தில் 46.4ஆல் வகுத்தால் 16.8 வரும். இங்கே அந்த வித்தியாசம் சும்மா இல்லை. பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுதலில் மூன்று முதல் ஆறு மாதத்துக்குள் 15 சதவீதத்துக்கு மேல் இழப்பு இருந்தால் அது ஒன்றே போதும், ரீஃபீடிங் ஆபத்து, அதாவது பல நாள் சரியாகச் சாப்பிடாதவருக்கு வேகமாக உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட் போன்ற உப்புகள் சட்டென்று சரியும் ஆபத்து, அதிகம் என்று வைத்துவிடுவார்கள். நம் அம்மா 14.4இல், எல்லைக்குக் கொஞ்சம் கீழே நிற்கிறார்.

எல்லைக்கு இவ்வளவு பக்கத்தில் நிற்கும்போது இன்றைய எடையையும் சந்தேகப்பட வேண்டும். கணுக்காலுக்கு மேல் கட்டை விரலால் சில விநாடி அழுத்தி எடுத்தேன், குழி விழுந்து நின்றது. ஒரு லிட்டர் நீர் ஒரு கிலோ. லேசான கால் வீக்கத்துக்குத் தோராயமாக ஒரு கிலோ கழிப்பது வழக்கம். வயிற்றில் நீர் கோத்திருந்தால் இன்னும் அதிகம். 45.4 என்று வைத்தால் இழப்பு 16.2. எல்லை தாண்டிவிட்டது. நீர் எடையைக் கூட்டிக் காட்டும், இழப்பை மறைக்கும். வயதான ஒருவர் கால் வீங்கி, “எடை அப்படியேதான் இருக்கு” என்று வந்தால் எனக்கு நிம்மதி வராது.

சந்தேகத்தின் பலனை ஆபத்தின் பக்கம் கொடுத்தோம். மருத்துவரிடம் பேசி, முதலில் தயமின் கொடுத்து, பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் பார்த்து, கிலோவுக்கு 10 கலோரி அளவில் உணவைத் தொடங்கி மெல்ல ஏற்றினோம்.

பதிவும் கணிப்பும் எதுவுமே கிடைக்காத நோயாளிகளும் வருவார்கள். அப்போது உயரத்திலிருந்து 100ஐக் கழித்து அதை வழக்கமான எடை என்று எழுதிவிடாதீர்கள். அது அவர் எப்படி இருக்கலாம் என்பது, எப்படி இருந்தார் என்பது அல்ல. “தெரியவில்லை” என்று எழுதி, உடை தளர்ந்த விவரத்தையும் மேல்கைச் சுற்றளவையும் குறியுங்கள்.

உங்கள் தராசையும் ஒருமுறை சோதியுங்கள். நிரம்பிய 20 லிட்டர் தண்ணீர் கேனை வைத்தால் கேனின் எடையோடு 20க்குச் சற்று மேலே காட்ட வேண்டும். ஒரு மருத்துவமனையில் 23 காட்டியது, அதில் பார்த்த எடைகளை வைத்து நான் இரண்டு மாதம் சதவீதம் போட்டிருந்தேன்.

கேஸ் ஷீட்டில் வெறும் எண்ணை மட்டும் எழுதாதீர்கள். நான் எழுதியது இது: “வழக்கமான எடை 54.2 (ஆ.சு.நி. குறிப்பேடு, செப்டம்பர், தை வரை மாற்றமில்லை, உடை வழியாக). நோயாளி சொன்னது 60, மகள் சொன்னது 52. இன்று அளந்தது 46.4, கால் வீக்கம் லேசாக. இழப்பு 14 முதல் 16 சதவீதம், ஐந்து மாதத்துக்குள்.” பத்தாம் நாள் கால் குழி மறைந்திருந்தது. அதே தராசில் 45.3.