கசந்த சுரையும் தேதியில்லாத விதைப் பாக்கெட்டும்

கேள்வி: ஒரு விதைக் கண்காட்சியில் நாட்டுச் சுரை விதை வாங்கினேன். மாடியில் மூன்று கொடி வந்தது. இரண்டு கொடியில் காய் நன்றாக இருக்கிறது. மூன்றாவதில் எல்லாக் காயும் கசப்பு. கூட்டு வைத்து, தாங்க முடியாமல் கொட்டிவிட்டோம். தண்ணீர் குறைந்ததால் இப்படி ஆகுமா? – வாசகி, சென்னை

பதில்: கொட்டியது நல்ல காரியம். கசக்கும் சுரைக்காயை ஒரு வாய் கூடச் சாப்பிடக் கூடாது. அந்தக் கசப்பு ஒரு நஞ்சு. வேக வைத்தாலும் போகாது. கசந்த சுரைக்காய்ச் சாறு குடித்து நம் நாட்டில் இறந்தவர்களே உண்டு. இனி சுரை, பீர்க்கு, புடலை எதுவானாலும் நறுக்கும்போது நுனியில் ஒரு சிறு துண்டை நாக்கில் வைத்துப் பார்த்துத் துப்பிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே சாப்பிட்டு வாந்தியோ வயிற்றுப்போக்கோ இருந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

வெயிலும் வறட்சியும் கசப்பைக் கொஞ்சம் கூட்டும் என்பது உண்மைதான். ஆனால் ஒரே மாடி, ஒரே தண்ணீர், மூன்றில் ஒரு கொடி மட்டும் முதல் காயிலிருந்தே கசக்கிறது என்றால் அது விதையில் வந்த கோளாறு. விதை எடுத்தவர் தோட்டத்துக்குப் பக்கத்து வேலியில் பேய்ச்சுரை படர்ந்திருக்கும். அதன் மகரந்தத்தைப் பூச்சி கொண்டுவந்து நல்ல சுரையின் பூவில் சேர்த்துவிட்டது.

இதில் விற்றவரும் ஏமாந்திருக்கலாம். கலப்பு நடந்தாலும் அந்த ஆண்டு அவர் பறித்த காய் கசக்காது, ஏனென்றால் காயின் சதை தாய்க்கொடியின் சதை. கலப்பு உள்ளே விதையில்தான் உட்கார்ந்திருக்கும். அந்த விதையை ஊன்றிய உங்கள் வீட்டில்தான் கசப்பு வெளியே தெரியும். “காய் தேன் மாதிரி இருந்துச்சு, அதான் விதைக்கு விட்டேன்” என்று அவர் சொன்னால் பொய் சொல்கிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் விதை விற்கிறவருக்கு இந்த விஷயம் தெரிந்திருக்க வேண்டும். காயின் படத்தையும் பாக்கெட்டின் படத்தையும் அனுப்பி, பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். மீதிப் பாக்கெட்டுகளை விற்காமல் நிறுத்தவும் சொல்லுங்கள். பணத்தைவிட அதுதான் முக்கியம்.

இன்னொன்று. மிச்சமிருக்கும் இரண்டு நல்ல கொடியிலிருந்தும் இந்த முறை விதை எடுக்காதீர்கள். கசப்புக் கொடியின் மகரந்தம் இந்நேரம் அவற்றிலும் பட்டிருக்கும்.

கேள்வி: சூப்பர் மார்க்கெட் தக்காளியிலிருந்து விதை எடுத்து ‘நாட்டுத் தக்காளி’ என்று பாக்கெட் போடலாமா? – பெங்களூரு

பதில்: கூடாது. கடைக்கு வருவது பெரும்பாலும் ஹைப்ரிட். அதன் விதை முளைக்கும்; ஆனால் செடிக்குச் செடி காய் வேறு வேறாக வரும்.

கேள்வி: நான் வாங்கிய பாக்கெட்டில் அழகான கோலம், ‘பாரம்பரிய மரபு விதை’ என்ற எழுத்து, கத்திரிக்காய்ப் படம் எல்லாம் இருக்கிறது. தேதி எங்கும் இல்லை. கேட்டால், “நாட்டு விதைக்கு எக்ஸ்பைரி கிடையாது சார்” என்கிறார். சரிதானா? – மதுரை

பதில்: சரியில்லை. இதைப் பற்றி எழுதி எழுதி எனக்குக் கை வலிக்கிறது. இருந்தாலும் இன்னொரு முறை எழுதுகிறேன்.

விதை உயிருள்ள பொருள். உள்ளே மூச்சு ஓடிக்கொண்டே இருக்கிறது, சேமிப்பு கரைந்துகொண்டே இருக்கிறது. நாட்டு விதைக்கும் இதே விதிதான். வெங்காய விதை நம் வெப்பத்தில் ஓராண்டு தாண்டினாலே நம்ப முடியாது. வெண்டை இரண்டாண்டு. கத்திரி, தக்காளி, சுரை இவையெல்லாம் நன்றாகக் காய்ந்து, ஈரம் படாமல் இருந்தால் மூன்று நான்கு ஆண்டு தாங்கும். ஆக, பறித்த மாதம் தெரியாத பாக்கெட்டை வாங்குகிறவர் உள்ளே இருப்பது விதையா தவிடா என்று தெரியாமல் காசு கொடுக்கிறார்.

சில வருடங்களுக்கு முன் ஒரு கண்காட்சியில் பதினைந்து வகை அடங்கிய கட்டு ஒன்றை நானே வாங்கினேன். கையால் எழுதிய காகித உறை, சணல் கயிறு. பார்த்ததும் மனம் இளகிவிட்டது; ஒரு கேள்வியும் கேட்கவில்லை. ஆடிப்பட்டத்தில் விதைத்தேன். வெங்காயத்தில் ஒன்றுகூட எழும்பவில்லை. வெண்டை பாதி. ‘முள்ளுக் கத்திரி’ என்று எழுதியிருந்தது முள்ளே இல்லாமல் நீளமான ஊதாக் காய் காய்த்தது. வெண்டை உறையை மறுபடி எடுத்து வெளிச்சத்தில் பார்த்தபோதுதான் விதைகளில் இளஞ்சிவப்புத் தூள் ஒட்டியிருந்தது கண்ணில் பட்டது. அது பூஞ்சைக்கொல்லி மருந்து. கம்பெனி விதையை வாங்கிப் பிரித்து உறை மாற்றி விற்றிருக்கிறார்கள். நாட்டு விதை அதன் இயல்பான நிறத்தில்தான் இருக்கும். சிவப்பு, பச்சை, நீலம் என்று சாயம் தெரிந்தால் வாங்காதீர்கள். குழந்தைகள் இருக்கும் வீட்டில் அது ஆபத்தும்கூட.

உறையில் கோலம் இல்லாவிட்டால் பரவாயில்லை. எந்த ஊரில், எந்த மாதம் பறித்தது, எத்தனை விதை இருக்கிறது, முளைப்பு பார்த்தது எப்போது, இருபதுக்கு எத்தனை முளைத்தது என்பது இருக்க வேண்டும். இதை எழுத ஒரு பேனா போதும். எழுத மறுக்கிறவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி: மாடியில் எட்டுத் தொட்டி வைத்திருக்கிறேன். போன வருடம் ஆஃபரில் 22 பாக்கெட் வாங்கினேன். சமையலறை அலமாரியில் வைத்திருந்து இப்போது விதைத்தால் எதுவுமே முளைக்கவில்லை. விற்றவர் மீது புகார் கொடுக்கலாமா? – கோவை

பதில்: கொடுக்க முடியாது. ஆவியும் சூடும் படும் இடத்தில் இரண்டு கோடையை விதை கடந்திருக்கிறது. மாடியில் எட்டுத் தொட்டி இருப்பவர் 22 பாக்கெட் வாங்கியதே தவறு. இந்தப் பட்டத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்குங்கள். மிஞ்சினால் நன்றாக மூடும் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃபிரீசரில் வேண்டாம். வெளியே எடுத்தவுடன் திறக்காமல் பாட்டிலின் குளிர் விட்ட பிறகு திறங்கள். இல்லாவிட்டால் விதை மேல் வியர்த்துவிடும்.

கேள்வி: ஒன்பதாவது மாடி பால்கனி. பீர்க்கங்கொடியில் வெறும் ஆண் பூ, பூத்துப் பூத்து உதிர்கிறது. மலட்டு விதையைத் தலையில் கட்டிவிட்டார்களா? – சோழிங்கநல்லூர்

பதில்: இல்லை. முதலில் ஆண் பூக்கள்தான் வரும். பெண் பூ வந்த பிறகும் அந்த உயரத்துக்குப் பூச்சி வருவது சந்தேகம், நீங்களே மாலையில் பூவோடு பூவைத் தொட்டுவிடுங்கள்.

கேள்வி: புதுக்கோட்டைப் பக்கம் அரை ஏக்கரில் குடுவைச் சுரையும் நீளச் சுரையும் வைத்து, விதையைப் பத்துப் பத்தாகப் பாக்கெட் போட்டு 30 ரூபாய்க்கு அடுக்குமாடிக்காரர்களுக்கு அனுப்புகிறேன். ‘குடுவை என்று அனுப்பினீர்கள், இரண்டுங்கெட்டானாகக் காய்க்கிறது’ என்று மூன்று பேர் திட்டிவிட்டார்கள். நான் யாரையும் ஏமாற்றவில்லை. என்ன செய்வது?

பதில்: அம்மா, அவர்களுக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் மனம் சுத்தம், ஆனால் விதை கலந்துவிட்டது. இரண்டு சுரையும் அரை ஏக்கருக்குள் இருந்தால் கலக்காமல் இருக்காது. ஒரு பட்டத்துக்கு ஒரு சுரை மட்டும் வைப்பது எளிய வழி. பக்கத்துத் தோட்டத்தில் யாராவது வைத்திருந்தால் அதுவும் போதாது, பூவைக் கட்ட வேண்டும்.

சுரைப்பூ மாலையில் விரியும். நாலு மணிக்குக் கொடியைச் சுற்றி வந்தால், அன்று விரியப்போகும் மொட்டு வெளுத்து, நுனி தளர்ந்து நிற்பது தெரியும். அடியில் பிஞ்சு இருப்பது பெண். பெண் மொட்டு ஒன்றையும், வேறு கொடிகளிலிருந்து ஆண் மொட்டு இரண்டையும் நுனியில் நூலால் மெதுவாகக் கட்டிவிடுங்கள். பூச்சி உள்ளே போகாது. இருட்டும் நேரத்தில் ஆண் பூக்களைப் பறித்து இதழை உரித்துவிட்டு, பெண் பூவின் கட்டை அவிழ்த்து, அதன் நடுவே மகரந்தத்தைத் தடவுங்கள். உடனே பெண் பூவை மெல்லிய துணிப்பையால் மூடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பையை எடுத்துவிட்டு, காம்பில் சிவப்பு நூல் கட்டுங்கள். வீட்டில் எல்லோரிடமும் சொல்லி வையுங்கள்: சிவப்பு நூல் காய் சமையலுக்கு இல்லை. பறித்துவிடுவது பெரும்பாலும் நம் வீட்டு ஆட்கள்தான்.

கட்டிய பூவெல்லாம் காய் பிடிக்காது, பாதி உதிரும். அதனால் ஐந்தாறு கொடியில் கட்டுங்கள். பிடித்த காய் கொடியிலேயே முற்றி, ஓடு நகம் இறங்காதபடி இறுகி, ஆட்டினால் விதை கலகலக்க வேண்டும். ஒரு காயில் சில நூறு விதை இருக்கும். ஆக நாலைந்து காய் கிடைத்தாலே உங்கள் ஒரு வருட வியாபாரத்துக்குப் போதும். மற்ற காயெல்லாம் சந்தைக்குப் போகட்டும். விதையை நிழலில் உலர்த்துங்கள். வளைத்தால் மடங்காமல் ‘டக்’கென்று ஒடிய வேண்டும், அதுதான் பதம்.

பாக்கெட் போடுமுன் இருபது விதையை ஈரத்துணியில் சுருட்டி வைத்துப் பத்து நாள் கழித்து எண்ணுங்கள். சுரைக்கு நூற்றுக்கு அறுபது முளைப்பு என்பது சான்று விதைக்கே வைத்திருக்கும் குறைந்தபட்ச அளவு. உங்களுடையது இருபதுக்குப் பன்னிரண்டுக்குக் கீழே போனால் விற்காதீர்கள். உறையில் இப்படி எழுதுங்கள்: “குடுவைச் சுரை. மாசியில் பறித்தது. பூ கட்டி எடுத்த விதை. 10 விதை. பங்குனியில் பார்த்தபோது 20-க்கு 17 முளைத்தது.” இதோடு வருடத்தையும் உங்கள் போன் எண்ணையும் சேர்த்துவிட்டால் 30 ரூபாய் அதிகம் என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: வீட்டுத் தோட்டத்து விதையை விற்க லைசென்ஸ் வேண்டுமா? – திண்டுக்கல்

பதில்: 1966 விதைச் சட்டத்தின் 24-வது பிரிவு, தான் விளைவித்த விதையைத் தன் இடத்திலேயே, விதைக்கப் போகிறவரிடம் நேரடியாக விற்பவருக்கு விலக்கு தருகிறது. கூரியரில் அனுப்புவதும் கடையில் வைப்பதும் ‘தன் இடத்தில்’ என்பதில் அடங்காது. வியாபாரமாகச் செய்பவர்களுக்கு 1983 விதைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உரிமம் உண்டு. உங்கள் மாவட்ட விதை ஆய்வாளரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

கேள்வி: வாட்ஸ்அப்பில் பணம் வாங்கிக்கொண்டு காலி விதையை அனுப்பினார், இப்போது பிளாக் செய்துவிட்டார். ‘முளைக்காததை நீதான் நிரூபிக்கணும், விதை எங்கே’ என்று முன்பு கேட்டார். விதைத்துவிட்டேனே? – திருச்சி

பதில்: விதைத்தது உங்கள் தவறல்ல, விதைக்கத்தானே வாங்கினீர்கள். பரிசோதனைக்கென்று விவசாயி விதையை எடுத்து வைத்திருப்பார் என்று எதிர்பார்க்க முடியாது என உச்ச நீதிமன்றம் 2012-ல் தேசிய விதைக் கழக வழக்கில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோர்தான் என்றும் அதே தீர்ப்பில் உண்டு. பணம் அனுப்பிய ரசீது, உரையாடல், உறை, வெறும் தொட்டி எல்லாவற்றையும் படமெடுத்து வைத்துக்கொண்டு 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். அந்த உறையைத் தூக்கி எறியாதீர்கள். மூலையில் ஒன்றிரண்டு விதை ஒட்டியிருந்தால் அதையும் உறையோடு பத்திரமாக வைத்திருங்கள்.