லிங்க்கில் போஸ்டர்கள்தான் இருக்கின்றன, பெட்டி டிசைனுக்குக் கூப்பிடலாமா?

"வேலூரில் ஆஃப்செட் அச்சகம் வைத்திருக்கிறேன். ஆம்பூர் ஷூ கம்பெனிகளுக்குப் பெட்டி அடிக்கிறோம். பேக்கேஜிங் டிசைனர் வேலைக்கு ஒருவர் ரெஸ்யூமே அனுப்பியிருக்கிறார். லிங்க்கில் போஸ்டர்கள், லோகோக்கள், ஒரே ஒரு பெட்டிப் படம். கூப்பிடலாமா?"

கூப்பிடுங்கள். ஆனால் அந்தப் பெட்டிப் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நிற்கிற பெட்டியின் படம் பெரும்பாலும் ரெடிமேட் மாக்கப். முன்பக்கத்தை மட்டும் வரைந்தாலே அது கிடைத்துவிடும். மடிப்பு, பசை ஒட்டும் ஓரம், 3 மி.மீ. ப்ளீட் இவையெல்லாம் அவருக்குத் தெரியுமா என்பதை அது சொல்லாது. அதே பெட்டியின் விரித்த பிடிஎஃப்பைக் கேளுங்கள். Acrobat-இல் Output Preview திறந்து, கருப்பைத் தவிர மற்ற மூன்று நிறங்களையும் அணைத்துப் பாருங்கள். சின்ன கருப்பு எழுத்துகள் அப்படியே நிற்க வேண்டும். வெளிறிப் போனால், அவை நான்கு நிறத்தில் செய்தவை. மெஷினில் ரிஜிஸ்டர் கொஞ்சம் விலகினாலும் ஓரத்தில் நிறம் கசியும்.

போஸ்டர்களும் வீணில்லை. தமிழ் வரிகளைப் பெரிதாக்கிப் பாருங்கள். கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் விழுந்திருந்தால், அவர் தமிழை ஒட்டியதோடு சரி, படித்துப் பார்க்கவில்லை.

திருத்தத்தை அவர் எப்படி எடுத்துக்கொள்வார் என்பது மட்டும் எந்த ரெஸ்யூமேயிலும் வராது. பழைய டைலைன் ஒன்றைக் கொடுத்து, கூலியும் கொடுத்து, அரை நாள் உட்கார வையுங்கள். முடிக்கும் நேரத்தில் "பார்கோடு பக்கவாட்டுக்குப் போகணும்" என்று சொல்லுங்கள். மடிப்பில் படாமல், பார்கோடைச் சுற்றி வெற்றிடம் விட்டு நகர்த்துகிறாரா, எதற்கு என்று கேட்கிறாரா என்று கவனியுங்கள்.