இரவு ஷிப்டுக்கு எப்படி நன்றி சொல்வது?

கேள்வி: சிறிய தொழிற்சாலை ஒன்றில் கொள்முதல் பிரிவில் இருக்கிறேன். எங்கள் கணக்குப் பிழையால், சரக்கு அனுப்ப வேண்டிய நேரத்தில் 4,000 அட்டைப் பெட்டிகள் குறைந்தன. வழக்கமாக 12 நாள் கேட்கும் சப்ளையர், போனில் சொன்னதை நம்பி 3 நாளில் கொடுத்துவிட்டார். கூடுதலாக ஒரு காசும் கேட்கவில்லை. அவருக்கு ஒழுங்காக நன்றி சொல்ல வேண்டும், உறவும் பலப்பட வேண்டும். ஆனால் "ரொம்பப் புகழ்ந்தால் அடுத்த தடவை விலையை ஏற்றிவிடுவார்" என்கிறார் என் மேலாளர். என்ன செய்யலாம்? (பெயர் வெளியிட விரும்பாத வாசகர்)

பதில்: முதலில் உங்கள் மேலாளரின் பயத்தைப் பேசிவிடுவோம். விலை ஏறலாம் என்பது சரிதான், ஆனால் அவர் காரணத்தை மாற்றிப் பிடித்திருக்கிறார். நன்றி சொன்னதால் எந்த சப்ளையரும் விலையை ஏற்றுவதில்லை. அவசர வேலையில் கைவிட்டுப் போன பணத்தை எங்கேயாவது ஈடுகட்ட வேண்டியிருப்பதால் ஏற்றுகிறார். இன்று கேட்காமல் விட்ட தொகை அடுத்த கொட்டேஷனில் பெட்டிக்கு இவ்வளவு என்று சத்தமில்லாமல் வந்து உட்காரும். அதனால் நன்றி எழுதும் முன், அந்த 3 நாளில் அவருக்கு என்ன செலவானது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

போன் செய்து நேராகவே கேளுங்கள்: "இந்த வேலையை எப்படி முடித்தீர்கள்? யாருடைய வேலையை நிறுத்தி வைத்தீர்கள்?" பெட்டித் தொழிலில் 12 நாளில் பெரும்பகுதி பெட்டி செய்வதற்குப் போவதில்லை, காத்திருப்பதற்குப் போகிறது. தேவையான அகலத்திலும் கனத்திலும் கிராஃப்ட் பேப்பர் ரீல் வர வேண்டும். நெளி அட்டையை ஒட்டிய பசையில் ஈரம் இருக்கும். அது காயும் முன் மடிப்புக் கோடு போட்டால் அட்டை கோணிக்கொள்ளும். அப்புறம் மெஷினில் ஏற்கெனவே ஓடும் இன்னொருவர் வேலையை இறக்கி, மையைக் கழுவி, உங்கள் அச்சு பிளேட்டை மாட்டி, வெட்டுக் கத்திகளை உங்கள் அளவுக்கு நகர்த்த வேண்டும். உங்கள் வேலை முடிந்ததும் இது அத்தனையும் திரும்ப ஒரு முறை. 3 நாளில் முடித்தார் என்றால் யாரோ இரவு ஷிப்ட் பார்த்திருக்கிறார், ரீலை யாரிடமோ சில்லறையாகக் கூடுதல் விலைக்கு வாங்கியிருக்கிறார், இன்னொரு வாடிக்கையாளரிடம் இரண்டு நாள் தவணை கேட்டு வாங்கியிருக்கிறார். அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் அவர் அதிகம் கூச்சப்பட்டிருப்பார்.

இதைத் தெரிந்துகொண்டால் கடிதம் தானாக வந்துவிடும். தெரியாமல் எழுதினால், எல்லோருக்கும் அனுப்பக்கூடிய "தங்கள் மேலான ஒத்துழைப்புக்கு நன்றி" என்ற ஒற்றை வரிதான் வரும். அதை யாரும் இரண்டாவது முறை படிப்பதில்லை.

நானும் இதில் ஒருமுறை சறுக்கியவன்தான். இப்படி ஓர் அவசரத்தில் உதவிய ஒரு நிறுவனத்துக்கு, பெயர் பொறித்த அழகான கேடயம் ஒன்று செய்து முதலாளிக்கு அனுப்பினேன். அது அவர் அறையில் மாட்டப்பட்டது. ஒன்றரை வருடம் கழித்து வேறொரு அவசரம். முதலாளி சரி என்றார், ஆனால் வேலை நகரவே இல்லை. நேரில் போய் மெஷின் பக்கத்தில் நின்று கேட்டபோது மேற்பார்வையாளர் சொன்னார்: "போன தடவை ரெண்டு ராத்திரி நின்னது நாங்க சார். லாரி கிளம்பின பிறகு ஒரு போன்கூட வரலை." கேடயம் வந்த விஷயமே அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து நன்றிக் கடிதத்தில் பெயர்களைக் கேட்டு எழுதுகிறேன். எழுத்துப் பிழை இல்லாமலும் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் கடிதம் கிட்டத்தட்ட இப்படி இருக்கலாம்:

"வணக்கம். 4,000 பெட்டிகளும் வியாழக்கிழமை காலை வந்து சேர்ந்தன. அன்று மாலையே எங்கள் சரக்கு கிளம்பிவிட்டது. அவை வராமல் போயிருந்தால் ஏற்றுவதற்குப் பதிவு செய்திருந்த இடத்தை இழந்திருப்போம். அவசரம் எங்கள் கணக்குப் பிழையால் வந்தது, உங்களால் அல்ல. இதற்காக நீங்கள் வேறொரு வேலையை நிறுத்தி வைத்ததையும், உங்கள் மேற்பார்வையாளரும் இரவு ஷிப்டில் இருந்த நான்கு பேரும் இரண்டு இரவு வேலை பார்த்ததையும் அறிவோம். அவர்களுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டும்படி கேட்டுக்கொள்கிறேன். உங்கள் வழக்கமான அவகாசம் 12 நாள் என்பது எங்களுக்குத் தெரியும். இனியும் அந்தக் கணக்கில்தான் ஆர்டர் தருவோம். இந்த வேலைக்கு ஆன கூடுதல் செலவைத் தனி வரியாக பில்லில் சேர்த்து அனுப்புங்கள்."

மேற்பார்வையாளர் என்ற இடத்தில் அவர் பெயரைப் போடுங்கள். கடிதத்தின் பிரதி உங்கள் மேலாளருக்கும் போகட்டும். சப்ளையருக்கு அது ஒரு சான்று. உங்கள் இடத்துக்கு நாளை வேறொருவர் வந்தாலும், கோப்பில் இது இருக்கும்.

கடிதத்தில் இரண்டு வரிகளை விட்டுவிடாதீர்கள். ஒன்று, 12 நாள் பற்றிய வரி. அவசரத்துக்கு உதவிய எந்த சப்ளையருக்கும் உள்ளூர ஒரு பயம் இருக்கும்: "மூன்று நாளில் முடியும் என்று காட்டிவிட்டோம், இனி எப்போதும் இதையே கேட்பார்கள்." அந்த வரி அந்தப் பயத்தைப் போக்கும். இன்னொன்று, கூடுதல் செலவு பற்றியது. அவர் "பரவாயில்லை, விடுங்கள்" என்றால் ஒருமுறை வற்புறுத்துங்கள், அப்புறமும் மறுத்தால் விட்டுவிடுங்கள். கேட்டீர்கள் என்பது அவர் மனதில் இருக்கும். உங்கள் மேலாளரின் பயத்துக்கும் இதுவே மருந்து: செலவு ஒரு வரியாக வெளியே வந்துவிட்டால், அது பெட்டி விலைக்குள் ஒளிந்துகொள்ள வேண்டியதில்லை. அந்தத் தொகைக்கு மேலாளரின் ஒப்புதலை முன்பே வாங்கி வையுங்கள். கேட்கச் சொல்லிவிட்டுக் கொடுக்காமல் இருப்பதைப் போல மோசம் வேறில்லை.

கடிதத்தில் வரக்கூடாதது ஒன்று உண்டு: "இனி எங்கள் எல்லா ஆர்டரும் உங்களுக்கே." உணர்ச்சி வேகத்தில் எழுதிவிடுவோம். அவர் அதை நம்பி ரீல் வாங்கி வைப்பார். மூன்று மாதம் கழித்து உங்கள் நிர்வாகம் வேறு இடத்தில் விலை கேட்கும். அதோடு போயிற்று.

இனி, பெரும்பாலானவர்கள் கோட்டை விடும் இடம். கடிதம் போய்ச் சேர்ந்த அன்றே உங்கள் கணக்குப் பிரிவில் அந்த பில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அவசர ஆர்டர்கள்தான் பணம் வருவதில் அதிகம் சிக்கும், காரணம் ரொம்பச் சாதாரணமானது. நீங்கள் போனில் சொல்லிவிட்டீர்கள், எழுத்து ஆர்டர் இரண்டு நாள் கழித்துப் போட்டிருப்பீர்கள் அல்லது இன்னும் போடவே இல்லை. ஆர்டரில் 4,000 என்று இருக்கும். பெட்டி ஓட்டும்போது கொஞ்சம் கூடக்குறைய வருவது வழக்கம், ஆகவே வந்தது 4,060 ஆக இருக்கலாம், பில்லும் அதற்கே வந்திருக்கும். ஆர்டர், சரக்கு வரவுச் சீட்டு, பில் மூன்றும் பொருந்தவில்லை என்று கணக்கர் ஓரமாக வைத்துவிடுவார். அது அவர் தவறல்ல, அவர் வேலையே அதுதான். இரவில் லாரியை இறக்கியவர் வரவுச் சீட்டு போட்டாரா என்பதும் சந்தேகம்தான். யோசித்துப் பாருங்கள்: உருக்கமான கடிதம் ஒன்று வருகிறது, 60 பெட்டி கணக்கில் இரண்டு மாதம் பணம் வரவில்லை. சப்ளையர் எதை நம்புவார்?

அதனால் ஆர்டரைத் திருத்தி, 60 பெட்டியையும் கூடுதல் செலவு வரியையும் சேர்த்து, வரவுச் சீட்டைச் சரிபார்த்து, பில்லை நீங்களே கையில் கொண்டு போய்க் கொடுங்கள். உங்கள் தவணை 45 நாள் என்றால், இந்த ஒரு பில்லை மட்டும் 15 நாளில் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். முடிந்தால் "இந்த பில்லுக்கு மட்டும்" என்று சப்ளையரிடம் சொல்லிவிடுங்கள். முன்கூட்டிக் கொடுப்பதற்காகத் தள்ளுபடி கேட்காதீர்கள், நன்றி பேரமாகிவிடும். கணக்குப் பிரிவு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் 45-ஆம் நாள் தவறாமல் போய்ச் சேரட்டும், அதுவே போதும்.

பரிசுப் பொருள் பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். தனி ஆட்களுக்குக் கொடுப்பதற்கு முன் இரண்டு நிறுவனங்களின் விதியையும் பாருங்கள். பல இடங்களில் அது சிக்கலாகும், வாங்கியவருக்கும் சேர்த்து.

உறவு பலப்படுவது அடுத்த ஆர்டரில்தான். ஒரு மாதம் போனதும் அவரிடம் இதைக் கேளுங்கள்: "அந்த 3 நாளில் எது உங்களை அதிகம் இழுத்தடித்தது?" பெரும்பாலும் பேப்பர் என்பார். அப்படியென்றால் உங்கள் அடுத்த 3 மாதத் தேவையை எழுதிக் கொடுங்கள். முதல் மாதம் உறுதி, மற்ற இரண்டும் உத்தேசம் என்று பிரித்துக் காட்டுங்கள். உங்கள் பெட்டிக்கான ரீலை மட்டும் ஒரு முறை ஓட்டும் அளவுக்கு அவர் இருப்பு வைக்கட்டும். பெட்டி வடிவம் மாறி அந்த ரீல் வீணானால் யார் ஏற்பது என்பதை அப்போதே எழுத்தில் முடிவு செய்துகொள்ளுங்கள். நியாயமாகப் பார்த்தால் நீங்கள்தான். வெட்டிய பெட்டி வேறு யாருக்கும் உதவாது. ஆனால் வெட்டாத ரீலை அவர் பெரும்பாலும் வேறு வேலைக்குத் திருப்பிக்கொள்ள முடியும், அதனால் உங்கள் இழப்பும் அதிகமாக இருக்காது.

கடைசியாக ஒன்று. அவசரத்தில் செய்த பெட்டிகளில் சில கோணியிருக்கலாம், ஓரிரண்டில் ஒட்டு விட்டிருக்கலாம். அதை நன்றிக் கடிதத்தில் எழுதாதீர்கள், மறைக்கவும் வேண்டாம். எத்தனை பெட்டி, என்ன குறை என்று எண்ணி வைத்துக்கொண்டு, அடுத்த ஆர்டருக்கு முன் மேற்பார்வையாளரிடமே போனில் சொல்லுங்கள். அவருக்குக் காரணம் முன்பே தெரிந்திருக்கும்.